காலையில் நின்று மதியம் ஓடிய மோட்டார்: துல்லிய அரை அலைத் திருத்தி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் விவசாய மோட்டார்களுக்கான ஸ்டார்ட்டர் பேனல்களைத் தயாரிக்கும் ஒரு சிறிய தொழிலகம், 5 குதிரைத்திறன் மூன்று பேஸ் நீர்மூழ்கி மோட்டார்களுக்கென டிரை ரன் பாதுகாப்புப் பலகை ஒன்றைத் தானே வடிவமைத்து விற்று வந்தது. போர்வெல்லில் நீர் வற்றியதும் மோட்டாரின் சுமை குறைகிறது, அதனால் அது இழுக்கும் மின்னோட்டமும் குறைகிறது. அந்தக் குறைவைக் கண்டறிந்து ரிலேயை விடுவிப்பதே பலகையின் வேலை. அதில் மைக்ரோகண்ட்ரோலர் எதுவும் இல்லை. இரண்டு ஆப்-ஆம்ப்கள் அடங்கிய ஒரு LM358, ஒரு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஒரு டையோடு, வரம்பை அமைப்பதற்கான ஒரு பிரீசெட் ஆகியவையே அதன் முக்கிய உறுப்புகள்.

மோட்டார் வயர் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் துளை வழியே சென்றது. அதன் விகிதம் 1000-க்கு 1. இரண்டாம் சுற்றின் குறுக்கே 100 ஓம் மின்தடை இருந்தது. எனவே மோட்டாரின் ஒவ்வோர் ஆம்பியருக்கும் 0.1 வோல்ட் ஆர்.எம்.எஸ்., அதாவது ஏறத்தாழ 0.14 வோல்ட் உச்சம் கிடைத்தது. முழுச் சுமையில் மோட்டார் 7.5 ஆம்பியரும், நீரின்றி ஓடும்போது 3.6 ஆம்பியரும் எடுத்தது. இந்த மாறுதிசை மின்னழுத்தம் 1N4148 டையோடு ஒன்றின் வழியே 10 கிலோ ஓம் மின்தடையில் அரை அலையாகத் திருத்தப்பட்டு, வடிகட்டப்பட்டு, ஓர் ஆப்-ஆம்பால் பெருக்கப்பட்டு, மற்றோர் ஆப்-ஆம்பில் பிரீசெட்டின் மின்னழுத்தத்துடன் ஒப்பிடப்பட்டது. 4 ஆம்பியருக்குக் கீழே இறங்கினால் மோட்டார் நிற்க வேண்டும் என ஒவ்வொரு பலகையும் பணிமேசையில் அமைத்து அனுப்பப்பட்டது.

புகார்

புகார்கள் இரண்டு வகையாக வந்ததால், அவை ஒரே காரணத்தால் எழுந்தவை என்பது தொடக்கத்தில் யாருக்கும் தோன்றவில்லை. மார்கழி, தை மாதங்களில் நீர் இருக்கும்போதே மோட்டார் நின்றுவிடுவதாகச் சிலர் கூறினர். கோடையில் நீர் வற்றிய பிறகும் மோட்டார் நிற்காமல் ஓடியதாக வேறு சிலர் கூறினர். ஒரே தோட்டத்தில் இரண்டும் நடந்ததாகச் சொன்ன ஒரு விவசாயியின் கூற்றுதான் விசாரணைக்குத் திசை காட்டியது: “காலையில சும்மா சும்மா நின்னுக்குதுங்க, மத்தியானம் தண்ணியில்லாமலே ஓடுதுங்க.” அவருடைய பேனல் தகரக் கொட்டகையின் மேற்குச் சுவரில் பொருத்தப்பட்டிருந்தது, பிற்பகலில் பெட்டியின் உட்புறம் 58 பாகை செல்சியஸ் வரை சூடேறியது. அவருடைய போர்வெல்லில் காலையில் நீர்வரத்து குறைவாக இருந்ததால், நீர் ஓடும்போதும் மோட்டார் 4.1 ஆம்பியருக்குச் சற்று மேலேதான் எடுத்துக்கொண்டிருந்தது.

தொழிலகத்தின் எலக்ட்ரீஷியன் முதலில் பிரீசெட்டைச் சந்தேகித்து அதை மாற்றினார். பிறகு கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரும் மாற்றப்பட்டது. இரண்டாலும் பயன் இல்லை.

பணிமேசையில் கண்டவை

திரும்பி வந்த ஒரு பலகையை மோட்டார் இன்றிச் சோதிப்பதென முடிவாயிற்று. ஒரு சிறிய மின்மாற்றியிலிருந்து 50 ஹெர்ட்ஸ் சைன் அலை எடுக்கப்பட்டு, நீரற்ற ஓட்டத்துக்குச் சமமான 0.51 வோல்ட் உச்சமாகக் குறைக்கப்பட்டு, 100 ஓம் மின்தடையின் குறுக்கே தரப்பட்டது. டையோடுக்குப் பின்னால், வடிகட்டிக்கு முன்னால், ஆஸிலோஸ்கோப்பின் புரோப் வைக்கப்பட்டது.

0.51 வோல்ட் உள்ளே சென்ற இடத்தில் வெளியே வந்தது ஏறத்தாழ 0.12 வோல்ட் உச்சம் மட்டுமே. முழு அரை அலைக்குப் பதிலாக அதன் நுனி மட்டும் ஒரு சிறு மேடுபோலத் தெரிந்தது. இதில் வியப்பில்லை. சிலிக்கான் டையோடு 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும் என்பது பாடப்புத்தகத்தின் தோராயம். பத்து, பன்னிரண்டு மைக்ரோ ஆம்பியர் மட்டுமே ஓடும் இச்சுற்றில் 1N4148 எடுத்துக்கொண்டது 0.39 வோல்ட்.

அடுத்து, தலைமுடி உலர்த்தியால் டையோடு மட்டும் சூடாக்கப்பட்டது. அதன் உடலோடு ஒட்டிய வெப்பமானி 28 பாகையிலிருந்து 58 பாகைக்கு ஏறியபோது, திரையில் இருந்த மேடு கண்ணெதிரே வளர்ந்து 0.17 வோல்ட்டைத் தொட்டது. உள்ளீடு சிறிதும் மாறவில்லை. குளிர்ந்த நிலையில் அதே 0.17 வோல்ட் கிடைக்க எவ்வளவு உள்ளீடு தேவை என்று பார்த்தபோது, அது 0.57 வோல்ட்டாக, அதாவது 4 ஆம்பியருக்குச் சமமாக இருந்தது. சூடான பெட்டிக்குள் 3.6 ஆம்பியரும் குளிர்ந்த மேசையில் 4 ஆம்பியரும் இந்தச் சுற்றுக்கு ஒன்றாகவே தெரிந்தன.

காரணம் நன்கு அறியப்பட்டதுதான். மின்னோட்டம் மாறாதிருக்க, சிலிக்கான் டையோடின் முன்னோக்கு மின்னழுத்தம் ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறைகிறது. 30 பாகைக்கு 60 மில்லிவோல்ட், ஆம்பியருக்கு 0.14 வோல்ட் என்ற கணக்கில் அது 0.4 ஆம்பியர். குளிர்ந்த காலையில் இதே விலகல் எதிர்த்திசையில் நிகழ்ந்து, வரம்பை 4.1 ஆம்பியரைத் தாண்டி உயர்த்தியது. இரண்டு புகார்களுக்கும் இந்த ஒரு காரணமே போதுமானதாக இருந்தது.

எடுத்துப் பார்க்கப்பட்ட வழிகள்

100 ஓம் மின்தடையை உயர்த்திப் பெரிய சைகை பெறலாம் என்பது முதல் யோசனை. ஆனால் பயன்படுத்திய கரண்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு அதன் தரவுத்தாள் அனுமதித்த உச்சமே 100 ஓம். மேலே போனால் உள்ளகம் தெவிட்டி, பெருமின்னோட்டத்தில் அளவு பொய்க்கும். ஓவர்லோடு பாதுகாப்பும் அதே சைகையையே நம்பியிருந்ததால் இது கைவிடப்பட்டது.

ஷாட்கி டையோடு பொருத்தலாம் என்பது இரண்டாவது யோசனை. அது எடுத்துக்கொள்ளும் மின்னழுத்தம் குறைவுதான். ஆனால் இங்கே தொல்லை தந்தது வீழ்ச்சியின் அளவைவிட அது வெப்பத்தோடு மாறுவதே. நிலையான 0.39 வோல்ட்டைப் பிரீசெட் எளிதாக ஈடுகட்டியிருக்கும். ஷாட்கியின் வீழ்ச்சியும் வெப்பத்தோடு மாறும். போதாக்குறைக்கு, சூட்டில் அதன் எதிர்த்திசைக் கசிவும் பெருகும்.

திருத்துவதற்கு முன்பே சைகையை ஐந்து மடங்கு பெருக்கலாம் என்ற மூன்றாவது யோசனை உண்மையில் பயன்பட்டிருக்கும். 60 மில்லிவோல்ட் விலகல் உள்ளீட்டின் கணக்கில் 12 மில்லிவோல்ட்டாகச் சுருங்கும், பிழை 0.1 ஆம்பியருக்குள் அடங்கும். ஆனால் அதற்கும் ஓர் ஆப்-ஆம்ப் தேவை. அதே ஆப்-ஆம்பின் பின்னூட்ட வளையத்துக்குள் டையோடை இழுத்துக்கொண்டால் பிழை ஆயிரக்கணக்கான மடங்கு குறையும் என்பதால், துல்லிய அரை அலைத் திருத்தியே தேர்வாயிற்று.

முதல் முயற்சியும் வீழ்ச்சி மறையும் விதமும்

மிக எளிய வடிவமே முதலில் அமைக்கப்பட்டது. சைகை, புதிதாகச் சேர்த்த இன்னொரு LM358-இன் 3-ஆம் பின்னுக்கு, அதாவது நேர் உள்ளீட்டுக்குச் சென்றது. வெளியீடான 1-ஆம் பின்னில் டையோடின் ஆனோடு. கேதோடிலிருந்து 10 கிலோ ஓம் தரைக்கு. பின்னூட்டக் கம்பி 1-ஆம் பின்னிலிருந்து எடுக்கப்படாமல், டையோடைத் தாண்டிக் கேதோடிலிருந்து எடுக்கப்பட்டு 2-ஆம் பின்னுக்கு, அதாவது எதிர் உள்ளீட்டுக்குத் தரப்பட்டது. முழு வித்தையும் இந்த ஓர் இணைப்பில்தான் இருக்கிறது.

ஆப்-ஆம்ப் தன் இரு உள்ளீடுகளின் வேறுபாட்டை மட்டுமே அறியும். கேதோடின் மின்னழுத்தம் உள்ளீட்டைவிடக் குறைவாக இருக்கும்வரை அது தன் வெளியீட்டை உயர்த்திக்கொண்டே போகும். கேதோடு உள்ளீட்டை எட்டியதும் நிறுத்தும். இடையில் இருக்கும் டையோடு 0.39 வோல்ட் எடுத்துக்கொள்கிறதா, சூட்டில் 0.33 வோல்ட் எடுத்துக்கொள்கிறதா என்பது அதற்குப் பொருட்டல்ல. தேவையான அளவு மேலே ஏறிக் கொடுத்துவிடும். திறந்த வளையப் பெருக்கத்தை A என்றும், டையோடு வீழ்ச்சியை Vd என்றும், ஆப்-ஆம்பின் வெளியீட்டுப் பின்னை Vo என்றும் கொண்டால்:

```
Vo   = A (Vin − Vout)
Vout = Vo − Vd
Vout = (A·Vin − Vd) / (1 + A)
     ≈ Vin − Vd/A
```

இந்த வரிகளின்படி டையோடு வீழ்ச்சி A-ஆல் வகுக்கப்படுகிறது. LM358-இன் பெருக்கம் நேர்மின்னோட்டத்தில் ஒரு லட்சம் வரை இருந்தாலும் அதிர்வெண்ணோடு குறைந்துகொண்டே வரும். அதன் பெருக்க-அலைப்பட்டைப் பெருக்கற்பலன் ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸில் மிஞ்சுவது சுமார் 20,000. ஆகவே 0.39 வோல்ட் வீழ்ச்சி உள்ளீட்டின் கணக்கில் 20 மைக்ரோவோல்ட்டாகவும், வெப்பத்தால் வந்த 60 மில்லிவோல்ட் மாற்றம் 3 மைக்ரோவோல்ட்டாகவும் ஆகிவிடுகின்றன.

ஆஸிலோஸ்கோப்பின் ஒரு புரோப் 1-ஆம் பின்னிலும் மற்றொன்று கேதோடிலும் வைக்கப்பட்டபோது இது நேரடியாகத் தெரிந்தது. கேதோடில் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கும் முழு அரை அலை இருந்தது. 1-ஆம் பின்னில், அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் கணத்தில் ஏறத்தாழச் செங்குத்தான ஒரு படி எழுந்து, அதன்மேல் சைன் வளைவு அமர்ந்திருந்தது. டையோடு எங்கும் போய்விடவில்லை. அதன் வீழ்ச்சி முழுவதும் ஆப்-ஆம்பின் வெளியீட்டுப் பக்கம் தள்ளப்பட்டிருந்தது. உலர்த்தியால் சூடாக்கியபோது 1-ஆம் பின்னின் படி மட்டும் உயரம் குறைந்தது. கேதோடின் அலை அசையவில்லை.

எதிர் அரையில் எழுந்த சிக்கல்

0.51 வோல்ட்டில் குறையின்றி இயங்கிய இச்சுற்று, முழுச் சுமைக்குச் சமமான 1.06 வோல்ட் உச்சத்துக்கு உயர்த்தப்பட்டபோது குழம்பியது. எதையும் தரக்கூடாத எதிர் அரையின் நடுவில், கேதோடில் பல வோல்ட் உயரமான ஒரு துடிப்பு தோன்றியது.

பலகையில் இருந்தது 12 வோல்ட் ஒற்றை மின்வழங்கி. LM358 தரை மட்டத்துச் சைகையை ஏற்கும் என்பதால் பலரும் இப்படி இணைத்துவிடுகிறார்கள். ஆனால் உள்ளீட்டுப் பின் தரைக்குக் கீழே 0.3 வோல்ட்டுக்கு மேல் இறங்கக்கூடாது. அதைத் தாண்டி இழுக்கப்பட்டால் உள்ளீட்டு PNP டிரான்சிஸ்டர்களின் சந்திப்பு முன்னோக்கி இயங்கத் தொடங்கும் என்றும், அப்போது சில்லுக்குள் எழும் வேண்டாத டிரான்சிஸ்டர் செயலால் வெளியீடு நேர் வழங்கி மட்டத்துக்குத் தாவக்கூடும் என்றும் தரவுத்தாளே எச்சரிக்கிறது. மோட்டார் தொடங்கும் கணங்களில் மின்னோட்டம் ஆறு மடங்காகும்போது உள்ளீடு 6 வோல்ட்டுக்கு மேல் எதிர்த்திசையில் இழுக்கப்படும் என்பதையும் கணக்கில் கொண்டால், இது சில்லையே பாதிக்கக்கூடிய நிலை.

இரண்டாம் வடிவம்

பலகையின் மின்மாற்றி 12-0-12 வகை. நேர் வழங்கிக்கு மட்டும் பயன்பட்டுவந்த அதில், திசை மாற்றிய இரண்டு டையோடுகளையும் ஒரு கெப்பாசிட்டரையும் ஒரு 7912-ஐயும் சேர்த்ததில் −12 வோல்ட் கிடைத்தது. செலவு சொற்பமே.

இரட்டை வழங்கி வந்த பிறகு, முந்தைய ஒற்றை டையோடு வடிவமே 50 ஹெர்ட்ஸுக்குப் போதும் என்று தொழிலகத்தில் ஒருவர் வாதிட்டார். அவர் சொன்னது சரியே. எதிர் அரையில் வளையம் அறுந்து வெளியீடு −12 வோல்ட் அருகே போய் ஒட்டிக்கொள்ளும். மீண்டும் மேலே வர, மைக்ரோ நொடிக்கு 0.5 வோல்ட் வேகத்தில், ஏறத்தாழ 25 மைக்ரோ நொடி பிடிக்கும். 10 மில்லி நொடி நீளமான அரை அலையில் அது கால் விழுக்காடுதான். ஆனாலும் இரண்டு டையோடுகள் கொண்ட தலைகீழாக்கும் வடிவம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம், தொடக்க மின்னோட்டத்தின்போது சில்லின் பின்னுக்கு முழுச் சைகையும் வராது என்பதே.

இவ்வடிவத்தில் நேர் உள்ளீடு தரையில் இருக்கும். சைகை 10 கிலோ ஓம் வழியே எதிர் உள்ளீட்டுக்கு வரும். சைகை எதிர் அரையில் இருக்கும்போது 1-ஆம் பின் உயர்ந்து, முதல் டையோடு வழியே வெளியீட்டு முனையை உயர்த்தும். அம்முனையிலிருந்து மற்றொரு 10 கிலோ ஓம் எதிர் உள்ளீட்டுக்குத் திரும்பும். இங்கும் பின்னூட்டம் டையோடைத் தாண்டியே எடுக்கப்படுவதால் வீழ்ச்சி A-ஆல் வகுபடுகிறது, பெருக்கம் −1. சைகை நேர் அரைக்கு மாறும்போது 1-ஆம் பின் கீழே இறங்கும்; எதிர் உள்ளீட்டிலிருந்து நேரே 1-ஆம் பின்னுக்குச் செல்லும் இரண்டாம் டையோடு திறந்து வளையத்தை மூடும். எனவே ஆப்-ஆம்ப் எந்த அரையிலும் தெவிட்டுவதில்லை. 1-ஆம் பின் −0.45 வோல்ட் அளவிலிருந்து +0.45 வோல்ட் அளவுக்குத் தாவினால் போதும். எதிர் உள்ளீடு எப்போதும் பூஜ்ஜியத்தின் அருகிலேயே நிற்கிறது.

முதல் சோதனையில் வடிகட்டியின் வெளியீடு கணக்கைவிட ஏறத்தாழ 5 விழுக்காடு அதிகமாக இருந்தது. 3.6 ஆம்பியருக்கு அரை அலையின் சராசரி, உச்சத்தை π-ஆல் வகுத்தால் வரும் 0.162 வோல்ட்டாக இருக்க வேண்டும். மீட்டர் காட்டியது 0.170. டையோடு தன் வீழ்ச்சியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டதோ என்று ஐயுற்றவர்களும் உண்டு; ஆனால் டையோடு பிழை செய்தால் அளவு குறையுமே தவிரக் கூடாது. காரணம் வேறிடத்தில் இருந்தது. திருத்தி சைகை தரும் அரையில் வெளியீட்டு முனை மிகக் குறைந்த மின்தடை உடையது. தராத அரையிலோ, அது 10 கிலோ ஓம் வழியே மட்டுமே பூஜ்ஜியத்தோடு இணைந்திருக்கிறது. வடிகட்டியின் மின்தடை 100 கிலோ ஓம் என்பதால் கெப்பாசிட்டர் 100 கிலோ ஓம் வழியே நிரம்பி, 110 கிலோ ஓம் வழியே வடிந்தது. சராசரி மேலே நகர்ந்தது அதனால்தான். இது எல்லா அளவிலும் ஒரே விகிதமாக இருக்கும் பிழை. பிரீசெட்டே அதை விழுங்கிவிடும். இருப்பினும் புதிய LM358-இன் மற்றொரு பாதி சும்மா இருந்ததால், அது திருத்திக்கும் வடிகட்டிக்கும் இடையே மின்னழுத்தப் பின்தொடர்வியாக வைக்கப்பட்டது. மீட்டர் 0.163-க்கு வந்தது.

விளைவு

திருத்தியும் வடிகட்டியும் சேர்ந்து ஆம்பியருக்கு 45 மில்லிவோல்ட் என்ற நேர்கோட்டு உறவைத் தந்தன. பலகை முழுவதையும் அட்டைப்பெட்டிக்குள் வைத்து 58 பாகை வரை சூடாக்கியபோது, வரம்பின் விலகல் மீட்டரில் பிரித்தறிய இயலாத அளவே இருந்தது. எஞ்சியிருப்பது ஆப்-ஆம்பின் ஆஃப்செட். LM358-இல் அது வழக்கமாக 2 மில்லிவோல்ட் அளவு. இச்சுற்றில் ஏறத்தாழ 3 மில்லிவோல்ட்டாக வெளியீட்டில் சேரும். பிரீசெட்டை அமைக்கும்போதே அது ஈடாகிவிடுகிறது. வெப்பத்தோடு அது மாறுவது பாகைக்கு 7 மைக்ரோவோல்ட் அளவே. 30 பாகைக்கு 0.01 ஆம்பியரைக்கூட எட்டாது.

மாற்றிய பலகை அதே தகரக் கொட்டகையில் பொருத்தப்பட்டது. அடுத்த கோடையில் போர்வெல் வற்றிய பிற்பகல்களில் மோட்டார் நின்றது. காலை நேரத்துத் தேவையற்ற நிறுத்தமும் ஒழிந்தது, ஆனால் 4.1 ஆம்பியரில் ஓடும் அந்தப் போர்வெல்லுக்கு 4 ஆம்பியர் வரம்பு நெருக்கமானது என்பதால், அங்கே மட்டும் அது 3.8-க்கு இறக்கப்பட்டது. பழைய பலகையில் அப்படி இறக்கியிருந்தால் பிற்பகலில் பாதுகாப்பே இருந்திருக்காது.

பின்னர் வந்த கோரிக்கையும் மாற்றக்கூடியவையும்

பலகை நன்றாக இயங்குவதைக் கண்ட மற்றொரு பட்டறை, 20 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தன் தூண்டல் சூடேற்றியின் மின்னோட்டத்தை அளக்க அதையே கேட்டது. மேசையில் சோதித்தபோது டையோடு மீண்டும் தலைகாட்டியது. 20 கிலோஹெர்ட்ஸில் LM358-இடம் மிஞ்சும் பெருக்கம் வெறும் 50. அரை வோல்ட் சைகையில், 25 மைக்ரோ நொடி அரை அலையின் முதல் இரண்டு, மூன்று மைக்ரோ நொடிகள் காணாமல் போயின. 1-ஆம் பின் ஒரு டையோடிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ எடுத்துக்கொண்ட நேரம் அது. 20 மில்லிவோல்ட் சைகையிலோ, அலை உச்சத்தை நெருங்கும்வரை வெளியே எதுவும் வரவில்லை. அந்த 0.9 வோல்ட் தாவலை 50-ஆல் வகுத்தால் 18 மில்லிவோல்ட் என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும். அப்பட்டறைக்குப் பலகை தரப்படவில்லை. 3 மெகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையும் மைக்ரோ நொடிக்கு 13 வோல்ட் வேகமும் கொண்ட TL072 பரிந்துரைக்கப்பட்டது. மிகச் சிறிய சைகைகளுக்கு அதுவும் போதாது, முதலில் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்றும் கூறப்பட்டது.

தொழிலகம் இப்போது ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு பலகையைச் சூடாக்கி வரம்பைச் சரிபார்க்கிறது. 1-ஆம் பின்னுக்கும் டையோடின் கேதோடுக்கும் தனித்தனிச் சோதனை முனைகள் பலகையில் சேர்க்கப்பட்டுள்ளன. புதிதாக வடிவமைப்பதாக இருந்தால், என் கணிப்பில், சைகையை 2.5 வோல்ட் மேலே தூக்கி மைக்ரோகண்ட்ரோலரின் ஏ.டி.சி.க்கு நேரே தந்து, ஆர்.எம்.எஸ். மதிப்பை நிரலில் கணக்கிடுவது மலிவாக முடியும். டையோடும் −12 வோல்ட்டும் தேவைப்படா. ஏற்கெனவே அச்சிட்டு வைத்திருந்த பலகைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்த இத்தொழிலகத்துக்கு அந்த வழி அப்போது திறந்திருக்கவில்லை.